ஒரு முழு ஆர்டரை என்னிடம் கொடுங்கள் என்று மேலாளரிடம் கேட்பது எப்படி: திருப்பூர் உதவி மெர்ச்சண்டைசர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களில் உதவி மெர்ச்சண்டைசராகச் சேர்கிறவர்களுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகளில் ஒரு கட்டம் வரும். லேப் டிப் எப்போது வரும் என்று சாயப்பட்டறையைக் கேட்பது, சாம்பிளைத் தைத்து வாங்கிக் கூரியரில் போடுவது, லேபிளுக்கும் அட்டைப்பெட்டிக்கும் அலைவது என எல்லாம் கைவந்துவிடும். ஆனால் துணிக் கணக்கு, நூல் புக்கிங், பையரிடம் தேதி பேசுவது ஆகிய மூன்றும் சீனியர் கையில்தான் இருக்கும். ஓர் ஆர்டரைத் தொடக்கம் முதல் ஷிப்மெண்ட் வரை தனியாக நடத்தினால்தான் மெர்ச்சண்டைசர் ஆக முடியும். அந்த வாய்ப்பை எப்படிக் கேட்பது என்பதுதான் இங்கே விஷயம்.

நான் முதன்முதலில் கேட்டது தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் கிளம்ப வேண்டிய நாளில். நாற்பது பெட்டிகள் குறைந்தன. மேலாளர் பேக்கிங் பிரிவுக்கும் அலுவலகத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். நான் பின்னாலேயே போய், “சார், எனக்கும் ஒரு பையரைக் கொடுங்கள்” என்றேன். அவர் என்ன சொன்னார் என்பதை எழுத வேண்டாம். இன்று கேட்கப்படும் இடத்தில் நான் இருக்கிறேன். கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் திறமையில் தடுக்கி விழுவதில்லை. வரிசையில்தான் விழுகிறார்கள். முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்கிறார்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஏற்கெனவே ஷிப்மெண்ட் ஆகிவிட்ட ஓர் ஆர்டரின் முழுக் கோப்பு, உங்கள் இரண்டு வாரத்து வேலைக் குறிப்பு, அடுத்து வரவிருக்கும் ஆர்டர்கள் பற்றிய செய்தி. இவற்றைத் திரட்ட மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். ‘இன்று தோன்றியது, நாளை கேட்கிறேன்’ என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்கு உதவாது.

1. கேட்கப்போவதை ஒரே ஓர் ஆர்டராகச் சுருக்குங்கள்

“பெரிய பொறுப்பு ஏதாவது கொடுங்கள் சார்” என்று கேட்டால், அதற்குப் பொருள் கண்டுபிடிக்கும் வேலையும் மேலாளர் தலையில் விழுகிறது. அவருக்கு அதற்கு நேரம் இல்லை. “பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். “மெர்ச்சண்டைசர் பதவி வேண்டும்” என்பது இன்னும் மோசம். அது சம்பளம், நிர்வாகம், மற்றவர்களின் வரிசை என்று அவர் கையில் இல்லாத பலவற்றைத் தொடுகிறது.

ஓர் ஆர்டரைக் கேளுங்கள். அதுவும் ரிப்பீட் ஆர்டராக இருக்கட்டும். முன்பே ஓடிய பாணி என்றால் அளவும் பேட்டர்னும் ஒப்புதல் ஆகியிருக்கும். பையரின் குணமும் தெரிந்திருக்கும். தவறு நடக்கக்கூடிய இடங்கள் குறைவு.

எங்களிடம் வேலை செய்த ஓர் உதவி மெர்ச்சண்டைசர் கேட்டதை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஆண்களுக்கான வட்டக் கழுத்து டி-ஷர்ட், 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, மூன்று நிறங்கள், 12,000 துண்டுகள். இரண்டு நிறங்கள் பழையவை, ஒன்று மட்டும் புதிது. ஆர்டர் உறுதியானதிலிருந்து ஷிப்மெண்டுக்கு 90 நாள். முதல் ஆர்டராக நடத்திப் பழக இதைவிடப் பொருத்தமானது அமைவது கடினம். அதே மாதம் இன்னொரு புதிய பையரிடமிருந்து பிரிண்டும் எம்பிராய்டரியும் கொண்ட ஆர்டர் ஒன்றும் வருவதாக இருந்தது. பார்க்கக் கவர்ச்சியானது. அதைக் கேட்காமல் விட்டார் என்பதிலேயே எனக்கு அவர் மீது பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

2. இப்போது செய்யும் வேலையைத் தாளில் இறக்குங்கள்

உங்களுக்குத் திறமை இருக்கிறதா என்ற கேள்வி மேலாளருக்குப் பிறகுதான் வருகிறது. இப்போது நீங்கள் பார்க்கும் வேலையை யார் பார்ப்பார்கள் என்பதுதான் அவரது முதல் கேள்வி. அதற்குப் பதில் இல்லாமல் போனால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆகவே இதில் அவசரப்படாதீர்கள்.

இரண்டு வாரம், அதாவது 12 வேலை நாள்கள், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று குறித்து வாருங்கள். நிமிடக் கணக்கு வேண்டாம், அரை மணி அளவில் போதும். நான் சொல்லும் பெண்ணின் 96 மணி நேரக் குறிப்பு இப்படி இருந்தது:

- சாம்பிள் பிரிவைப் பின்தொடர்வது: 26 மணி
- லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி: 20 மணி
- லேப் டிப், சாயப்பட்டறை: 18 மணி
- பையருக்கு மின்னஞ்சல்: 14 மணி
- தினசரி நிலவர அறிக்கை: 10 மணி
- கூரியர், அதற்கான தாள்கள்: 8 மணி

எழுதிப் பார்த்த பிறகுதான் அவருக்கே ஒன்று தெரிந்தது. நிலவர அறிக்கையைச் சீனியருக்கு ஒரு வடிவிலும் எனக்கு இன்னொரு வடிவிலும் தினமும் இரண்டு முறை தயாரித்துக்கொண்டிருந்தார். ஒரே தாளாக்கினால் 5 மணி மிச்சம். கூரியர் வேலையைப் புதிதாகச் சேர்ந்தவர் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். அதில் 8 மணி. ஆக இரண்டு வாரத்துக்கு 13 மணி, நாளுக்கு ஒரு மணிக்குச் சற்று மேல்.

ஒரு ரிப்பீட் ஆர்டருக்குச் சாதாரண நாளில் இந்த ஒரு மணி போதும். ஆனால் எல்லா நாளும் சாதாரண நாள் அல்ல. சாயமேற்றிய துணி உள்ளே வரும் வாரத்திலும், பிபி சாம்பிள் போகும் வாரத்திலும் நாளுக்கு இரண்டு, மூன்று மணி தேவைப்படும். அந்த இரண்டு வாரங்களை நாள்காட்டியில் குறித்து, உங்கள் பழைய வேலையில் அதே வாரங்களில் என்ன நெருக்கடி இருக்கிறது என்று பாருங்கள். மோதினால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். எப்படிச் சமாளிப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

இங்கே அடிக்கடி காணும் தவறு: “கூடுதலாக உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன் சார், இரவு எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை” என்பது. கேட்கும்போது அர்ப்பணிப்பாகத் தோன்றும். ஆனால் மூன்றாவது வாரத்தில் சோர்ந்துபோய் லேபிளில் பராமரிப்புக் குறியீட்டை மாற்றி அச்சடிக்க விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அனுபவம் உள்ள எந்த மேலாளரும் இந்த வாக்குறுதியை ஒரு திட்டமாக எண்ண மாட்டார்.

3. ஷிப்மெண்ட் ஆன ஓர் ஆர்டருக்கு நிழல் கணக்குப் போடுங்கள்

முடிந்துபோன ஆர்டரின் கோப்பிலிருந்து அளவுத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு, சீனியர் போட்ட கணக்கைப் பார்க்காமல், துணிக் கணக்கை நீங்களே போடுங்கள். பிறகு ஒப்பிடுங்கள். வேறுபாடு எதனால் வந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள்.

அந்தப் பெண் செய்தது இது. உடல் நீளமும் கை நீளமும் தையல் சேர்மானமும் சேர்த்து 104 செ.மீ. அரை மார்பும் சேர்மானமும் சேர்த்து 58 செ.மீ. இரண்டையும் பெருக்கி, முன்பக்கம் பின்பக்கம் என்று இரண்டால் பெருக்கி, 180 ஜிஎஸ்எம்மால் பெருக்கி, ஒரு கோடியால் வகுத்தால் 0.217 கிலோ. அதாவது துண்டுக்கு 217 கிராம். வீணாவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் ஏறத்தாழ 240 கிராம். கோப்பில் சீனியர் போட்டிருந்தது 250.

பத்து கிராம் எங்கே போனது? கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியை அந்தப் பெண் கணக்கில் சேர்க்கவில்லை. 12,000 துண்டுகளுக்கு அது 120 கிலோ. கட்டிங் மேசையில் துணி விரித்த பிறகுதான் பற்றாக்குறை தெரிந்திருக்கும். மீண்டும் நூல் வாங்கி, பின்னி, தனி லாட்டாகச் சாயம் போட்டால் உடலும் கழுத்தும் ஒரே நிறமாக வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

தவறாகப் போட்ட இந்தக் கணக்கைத்தான் அவர் என்னிடம் கொண்டுவந்தார். “ரிப்பை விட்டுவிட்டேன், விட்டதால் இன்ன பாதிப்பு வந்திருக்கும்” என்று எழுதியிருந்தார். சரியாகப் போட்ட கணக்கைக் காட்டியிருந்தால் ‘கோப்பைப் பார்த்து எழுதியிருப்பார்’ என்று எனக்குத் தோன்றியிருக்கும். தன் தவறைத் தானே பிடித்து அதன் விலையையும் சொல்லத் தெரிந்தவரிடம்தான் நூல் புக்கிங்கைக் கொடுக்கத் துணிவு வரும்.

கோப்பை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். கைப்பேசியில் படம் பிடிக்கவும் வேண்டாம். விலை விவரங்கள் உள்ள தாள்கள் அவை. அனுமதி கேட்டு அலுவலகத்திலேயே உட்கார்ந்து பாருங்கள்.

4. சீனியரிடம் முதலில் சொல்லுங்கள்

மிக அதிகமாகத் தவறு நடக்கும் படி இது. சீனியருக்குத் தெரியாமல் நேராக மேலாளரிடம் போனால், அன்று மாலையே அவருக்குத் தெரிந்துவிடும். மேலாளர் முதலில் அவரைத்தான் கேட்பார். “இவர் ஆர்டர் நடத்துவாரா?” என்ற கேள்வி அப்போதுதான் முதன்முறையாகச் சீனியர் காதில் விழுந்தால், பதில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சீனியருக்கு இதில் ஓர் அச்சம் இருக்கும், அது நியாயமானதும்கூட. அவருடைய ஆர்டர்களுக்கு அலைவதற்கு ஆள் குறையும். ஆகவே இரண்டாம் படியில் எழுதிய தாளை முதலில் அவரிடம் காட்டுங்கள். “அக்கா, அந்த ரிப்பீட் ஆர்டரை நான் நடத்திப் பார்க்கலாம் என்று சாரிடம் கேட்க நினைக்கிறேன். உங்கள் வேலை எதுவும் நிற்காது. எப்படி என்று எழுதியிருக்கிறேன். இதில் எது நடக்காது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்று கேளுங்கள்.

அனுமதி கேட்பதுபோல் குழைய வேண்டாம். திருத்தம் கேளுங்கள். அவர் ஒரு வரியைத் திருத்தினாலும் அந்தத் தாளில் அவருக்கும் பங்கு வந்துவிடுகிறது.

கூரியர் வேலையை ஏற்கப்போகிற புதியவரிடம் மட்டும் இப்போது எதுவும் பேசாதீர்கள். வேலையைப் பிரித்துக் கொடுப்பது மேலாளரின் உரிமை. நீங்களே பேசி முடித்துவிட்டு வந்து சொன்னால், எவ்வளவு நல்ல ஏற்பாடானாலும் அவருக்குக் கசக்கும்.

5. நாளையும் நேரத்தையும் பாருங்கள்

ஆர்டர் உறுதியாகி, யாருக்கு என்று ஒதுக்கப்படாமல் இருக்கும் சில நாள்கள்தான் உங்கள் வாய்ப்பு. ஒதுக்கிய பிறகு கேட்டால் இன்னொருவரிடமிருந்து பறிப்பதாகிவிடும்.

ஐரோப்பியப் பையர்களோடு வேலை செய்யும் அலுவலகம் என்றால் காலை பதினொரு மணி நல்ல நேரம். அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே கோடையில் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. அதன் பிறகு மின்னஞ்சல்கள் கொட்டத் தொடங்கிவிடும். அமெரிக்கப் பையர் என்றால் இரவெல்லாம் வந்த மின்னஞ்சல் காலையில் காத்திருக்கும், எனவே பிற்பகலில் பேசுங்கள். வாரக்கூலி பட்டுவாடா செய்யும் சனிக்கிழமை வேண்டாம். தீபாவளி போனஸ் பேச்சு ஓடும் வாரங்கள் வேண்டவே வேண்டாம்.

முதல் நாளே, “நாளை பதினைந்து நிமிடம் வேண்டும் சார், ரிப்பீட் ஆர்டர் பற்றி” என்று சொல்லிவையுங்கள். எதைப் பற்றி என்று சொல்லாமல் “தனியாகப் பேச வேண்டும்” என்றால், வேலையை விட்டுப் போகிறேன் என்று சொல்லத்தான் வருகிறீர்கள் என்று அவர் நினைத்துக்கொள்வார். நானும் அப்படித்தான் நினைப்பேன்.

6. பேசும்போது: வேலை, பழைய வேலை, நிறுத்தும் இடம்

இந்த வரிசையிலேயே பேசுங்கள். ஏறத்தாழ இப்படி:

“சார், ஒதுக்காமல் இருக்கும் அந்த ரிப்பீட் ஆர்டரைத் துணிக் கணக்கிலிருந்து ஷிப்மெண்ட் வரை நான் நடத்த விரும்புகிறேன். இப்போது நான் பார்க்கும் வேலை இந்தத் தாளில் இருக்கிறது. நாளுக்கு ஒரு மணி எடுக்க முடியும். அக்காவிடம் காட்டிவிட்டேன், அவர் ஒரு திருத்தம் சொன்னார், சேர்த்திருக்கிறேன். கூரியர் வேலையை யாருக்குக் கொடுப்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நூல் புக்கிங்குக்கு முன் ஒரு முறையும் கட்டிங்குக்கு முன் ஒரு முறையும் கோப்பை உங்களிடம் கொண்டுவருகிறேன். நீங்கள் கையெழுத்துப் போடாமல் அடுத்த படிக்குப் போக மாட்டேன்.”

கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் எடை மிக்கவை. நூல் வாங்கும்வரை எல்லாத் தவறும் தாளில் இருக்கும் தவறு, ரப்பரால் அழித்துவிடலாம். நூல் வாங்கிய பிறகு அது பணம். கத்தி துணியில் இறங்கிய பிறகு திருத்தவே வழியில்லை. அந்த இரண்டு இடங்களிலும் தானே வந்து நிற்பதாக ஒருவர் சொன்னால், மேலாளர் தன் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல முடியும் என்ற தெம்பு பெறுகிறார்.

சொல்லக் கூடாதவை சில உண்டு. “என்னோடு சேர்ந்தவர் மெர்ச்சண்டைசர் ஆகிவிட்டார்” என்றால் பேச்சு அவரைப் பற்றியதாகிவிடும். “இந்த வேலை சலித்துவிட்டது” என்றால், சலித்த வேலையை இனி எப்படிச் செய்வீர்கள் என்ற ஐயம் எழும். “வேறு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள்” என்பதை உண்மையிலேயே போகத் தயாராக இருந்தால் மட்டும் சொல்லுங்கள், அதையும் இந்தப் பேச்சோடு கலக்காதீர்கள். சம்பளத்தையும் அன்று எடுக்க வேண்டாம். ஓர் ஆர்டர் சுத்தமாக ஷிப்மெண்ட் ஆன பிறகு அதைக் கேட்கும்போது உங்கள் கையில் ஒரு கோப்பு இருக்கும்.

7. “பார்க்கலாம்” என்றால் என்ன செய்வது

சரி என்றால் சிக்கல் இல்லை. முடியாது என்றால் காரணத்தைக் கேளுங்கள், வாதாட வேண்டாம். பெரும்பாலும் கிடைப்பது மூன்றாவது பதில்: “பார்க்கலாம்.”

இதை மறுப்பாக எடுத்துக்கொண்டு முகம் வாடி வெளியே வருகிறவர்களும் உண்டு, ஒப்புதலாக எண்ணிச் சாயப்பட்டறைக்குப் பேசத் தொடங்கிவிடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. அவருக்கு இன்னும் தெரிய வேண்டியது ஏதோ இருக்கிறது. அது எது என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: “எது தெளிவானால் உங்களுக்கு முடிவெடுக்க வசதியாக இருக்கும் சார்?”

“புதிய நிறத்தின் லேப் டிப் முதலில் ஒப்புதல் ஆகட்டும்” என்றால் ஒரு தேதி கிடைத்துவிட்டது. “முழு ஆர்டர் வேண்டாம், முதலில் துணிவரை பார்” என்றால் அதை உடனே ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்ததும் அதுதான். கட்டிங் வரை அவர், அதன் பிறகு சீனியர். பதில் எதுவும் தெளிவாக வராவிட்டால், “பத்து நாள் கழித்து நினைவூட்டட்டுமா?” என்று கேட்டு, சொன்ன நாளில் ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். தினமும் வாட்ஸ்அப்பில் தட்டாதீர்கள்.

பேச்சு முடிந்த அன்றே நாலு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். மேலாளருக்கும் சீனியருக்கும் மட்டும், நிர்வாக இயக்குநரைச் சேர்க்காமல். என்ன பேசப்பட்டது, எது உங்கள் பொறுப்பு, எந்த இடத்தில் கையெழுத்து, எப்போது அடுத்த பேச்சு. பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாதே என்பதற்காக அல்ல. அவருக்கு ஒரு நாளில் இருபது பேர் இருபது விஷயம் சொல்கிறார்கள், உங்களுடையது மறந்துபோகும்.

8. கிடைத்த பிறகு, முதல் நான்கு வாரம்

இந்தக் காலத்தில் புதிய ஆர்டரில் ஒரு நாள் தாமதத்தை மேலாளர் பொறுத்துக்கொள்வார். பழைய வேலையில் ஒரு சாம்பிள் தவறினால் பொறுக்க மாட்டார். ‘அப்போதே நினைத்தேன்’ என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிடும். ஆகவே காலையில் முதல் வேலையாகப் பழைய வேலையை முடித்துவிட்டு, பிறகு புதிய கோப்பைத் திறங்கள். புதியதன் மீது ஆசை இருப்பதால் இதைத் தலைகீழாகச் செய்யத்தான் கை போகும்.

ஒப்படைத்த வேலையை ஒரு வாரம் கூடவே இருந்து பாருங்கள். கூரியரில் பெறுநர் முகவரியின் அஞ்சல் எண் தவறினால், பொட்டலம் எங்கே போய்ச் சுற்றும் என்பது உங்களுக்குத் தெரியும், புதியவருக்குத் தெரியாது.

டி அண்ட் ஏ அட்டவணையில் ஏதாவது ஒரு தேதி தள்ளிப்போனால், தள்ளிப்போவது உறுதியான பிறகு சொல்லாதீர்கள். தள்ளிப்போகலாம் என்று தோன்றிய அன்றே சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் ஆர்டரில் புதிய நிறத்தின் லேப் டிப் இரண்டு முறை திரும்பியது. மூன்றாவதும் திரும்பினால் எட்டு நாள் போகும் என்று, அது பையரிடம் போவதற்கு முன்பே வந்து சொன்னார். பழைய இரண்டு நிறங்களை முதலில் சாயத்துக்கு அனுப்பிவிட்டோம். மூன்றாவது லேப் டிப் ஒப்புதல் ஆனது. கட்டிங்குக்கு முன் கோப்பைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தபோது, சீனியருக்கு மாற்ற வேண்டும் என்ற பேச்சை நானும் எடுக்கவில்லை, சீனியரும் எடுக்கவில்லை. துணிக் கணக்கில் ரிப்புக்குத் தனி வரி இருந்தது, சிவப்பு மையில்.